கதையின் மையக்கருத்து எது, கருப்பொருள் எது? பாதி பொன்னான கீரியின் கதையை வைத்து ஒரு முழு வழிகாட்டி

வகுப்பில் ஒரு கதையைச் சொல்லி முடித்துவிட்டு, "இதன் மையக்கருத்தை எழுதுங்கள்" என்றால் நோட்டுகளில் பெரும்பாலும் இரண்டு வகைப் பதில்தான் இருக்கும். ஒரு பிள்ளை கதையையே அரைப் பக்கத்துக்குத் திரும்ப எழுதியிருக்கும். இன்னொரு பிள்ளை "பகிர்ந்து உண்ண வேண்டும்" என்று ஒரே வரியில் முடித்திருக்கும். இரண்டையும் தப்பு என்று அடித்துவிட முடியாது. முதல் பிள்ளை மையக்கருத்தைத் தேடிக் கிளம்பியிருக்கிறது, இரண்டாவது பிள்ளை கருப்பொருளைத் தேடிக் கிளம்பியிருக்கிறது. இரண்டுமே பாதி வழியில் நின்றுவிட்டன.

மையக்கருத்து என்று இங்கே நான் சொல்வது, அந்தக் கதைக்குள் முக்கியமாக நடப்பது என்ன என்பதைச் சொல்லும் ஒரு வாக்கியம். அதில் ஆட்கள் இருப்பார்கள், அவர்கள் செய்தது இருக்கும், முடிவு இருக்கும். கருப்பொருள் என்பது, அந்த நிகழ்ச்சிகளின் வழியாகக் கதை மனித வாழ்க்கையைப் பற்றிச் சொல்லும் ஒரு கருத்து. அதில் கதையின் ஆட்கள் யாரும் இருக்க மாட்டார்கள். சில வழிகாட்டி நூல்களில் இந்த இரண்டு பெயர்களும் இடம் மாறியிருக்கும், அகத்திணை இலக்கணத்தில் வரும் கருப்பொருளோ முற்றிலும் வேறு. பெயர் எதுவானாலும் வேலை இரண்டு என்பது தெளிவாக இருந்தால் போதும்.

இதை விளக்கப் பகிர்வு பற்றிய ஒரு பழைய கதையை எடுத்துக்கொள்கிறேன். பிள்ளைகளுக்கு எழுதப்படும் நீதிக்கதைகளில் கடைசி வரியிலேயே நீதி அச்சாகியிருப்பதால் தேடுவதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது. இந்தக் கதையில் அந்த வசதி கிடையாது.

## முதலில் கதை

மகாபாரதத்தில், போர் முடிந்த பிறகு வரும் அசுவமேதிக பருவத்தில் இந்தக் கதை இருக்கிறது. தருமர் அசுவமேத யாகம் செய்து முடிக்கிறார். வந்தவர்களுக்கெல்லாம் பொன்னும் பொருளும் அள்ளிக் கொடுத்தாயிற்று. எல்லாரும் புகழ்ந்துகொண்டிருக்கும்போது வளையிலிருந்து ஒரு கீரி வெளியே வருகிறது. அதன் கண்கள் நீலம், உடம்பில் பாதி பொன். இடி இடிப்பதுபோன்ற குரலில் அது சபையைப் பார்த்துச் சொல்கிறது: குருக்ஷேத்திரத்தில் வாழ்ந்த ஓர் ஏழை கொடுத்த ஒரு பிரஸ்தம் மாவுக்கு இந்த யாகம் ஈடாகாது.

அங்கிருந்த அந்தணர்கள் திகைத்துப்போய், எதை வைத்து இப்படிச் சொல்கிறாய் என்று கேட்கிறார்கள். கீரி தான் கண்டதைச் சொல்ல ஆரம்பிக்கிறது.

குருக்ஷேத்திரத்தில் ஓர் அந்தணர் உஞ்சவிருத்தியில் வாழ்ந்தார். அறுவடை முடிந்த வயலில் சிதறிக் கிடக்கும் தானியத்தைப் பொறுக்கி வந்து அதில் உயிர் வாழ்வது. மனைவி, மகன், மருமகள், ஆக வீட்டில் நான்கு பேர். பஞ்சம் வந்தது. வயலில் பொறுக்கக்கூட ஒன்றும் இல்லை. பல வேளை பட்டினி கிடந்த பிறகு ஒரு நாள் ஒரு பிரஸ்தம் வாற்கோதுமை கிடைத்தது. அதை மாவாக்கி நான்கு சம பங்காகப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். (பிரஸ்தம் என்பது அந்தக் காலத்து முகத்தல் அளவு. அதில் கால் பங்கு ஒரு குடவம். ஆளுக்கு ஒரு குடவம்.)

வாயில் வைக்கப் போகும் நேரத்தில் ஒரு விருந்தாளி வந்தார். வரவேற்று உட்கார வைத்து, வீட்டுக்காரர் தன் பங்கைக் கொடுத்தார். விருந்தாளி சாப்பிட்டார், பசி அடங்கவில்லை. மனைவி, "என் பங்கைக் கொடுங்கள்" என்றாள். எலும்பும் தோலுமாக நிற்பவளிடமிருந்து எப்படி வாங்குவது என்று அவர் தயங்கினார். அவள் வாதாடிக் கொடுத்தாள். அப்போதும் பசி அடங்கவில்லை. மகன் தன் பங்கை நீட்டினான். ஆயிரம் வயதானாலும் நீ எனக்குக் குழந்தைதான், இளவயதுப் பசி பொல்லாதது, நான் கிழவன், தாங்கிக்கொள்வேன் என்றார் தகப்பனார். மகனும் வாதாடிக் கொடுத்தான். கடைசியில் மருமகளும் அப்படியே வாதாடித் தன் பங்கைக் கொடுத்தாள்.

விருந்தாளியின் பசி அடங்கியது. வந்திருந்தது தருமதேவதை. நான்கு பேரும் விண்ணுலகம் போனார்கள்.

அவர்கள் போன பிறகு அந்தக் கீரி வளையைவிட்டு வெளியே வந்தது. கீழே சிந்தியிருந்த மாவும் ஈரமும் பட்டதில் தலையும் பாதி உடம்பும் பொன்னாயின. மீதியும் பொன்னாகாதா என்று அன்றிலிருந்து தவச்சாலைகளுக்கும் யாகங்களுக்கும் போய்க்கொண்டே இருக்கிறது. தருமரின் யாகத்துக்கும் அந்த ஆசையில்தான் வந்தது. ஒன்றும் ஆகவில்லை. இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தபடி மறைந்துபோகிறது.

## படி 1: கதை எதைப் பற்றியது என்று ஒரு சொல்லில் குறித்துக்கொள்ளுங்கள்

பகிர்வு, விருந்தோம்பல், கொடை. இந்த மூன்றில் எதை எழுதினாலும் சரி. இது தலைப்பு மட்டுமே. "கருப்பொருள் என்ன?" என்ற கேள்விக்கு "பகிர்வு" என்று எழுதிவிட்டு முழு மதிப்பெண்ணை எதிர்பார்க்கும் பழக்கம் இங்கேதான் தொடங்குகிறது. அது கருத்தாக இருந்தால் நாம் அதை ஒப்புக்கொள்ளவோ மறுக்கவோ முடியவேண்டும். "பகிர்வு" என்ற சொல்லை யாராலும் மறுக்க முடியாது, ஏனென்றால் அது இன்னும் எதையும் சொல்லவில்லை. பகிர்வைப் பற்றி இந்தக் கதை என்ன சொல்கிறது என்பதுதான் கேள்வி. அதற்குப் பிறகு வருவோம். இப்போதைக்கு இந்தச் சொல்லைத் தாளின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

## படி 2: மையக்கருத்தை எழுதுங்கள்

யார், என்ன செய்தார்கள் அல்லது என்ன வேண்டும் என்று போனார்கள், எது குறுக்கே வந்தது, எப்படி முடிந்தது. இந்த நான்குக்கும் பதிலை எழுதி ஒரே வாக்கியமாகக் கோத்துவிட்டால் சாதாரணக் கதைக்கு வேலை முடிந்துவிடும். இந்தக் கதையில் அது அவ்வளவு லேசாக முடியாது. "யார்?" என்ற முதல் கேள்வியிலேயே சிக்கல், ஏனென்றால் கதைக்குள் கதை இருக்கிறது.

நிறையப் பேர் எழுதும் முதல் வரைவு இது:

"பஞ்சத்தில் வாடிய ஓர் ஏழைக் குடும்பம் தன்னிடமிருந்த மாவு முழுவதையும் விருந்தாளிக்குக் கொடுக்கிறது."

இதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. கதையின் ஒரு பகுதியைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். மறைத்த பிறகும் உங்கள் வாக்கியம் கொஞ்சமும் மாறாமல் நிற்கிறதென்றால், அந்தப் பகுதி வாக்கியத்துக்குள் வரவே இல்லை என்று அர்த்தம். இங்கே கீரியையும் யாகத்தையும் மறைத்துப் பாருங்கள். வாக்கியத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கதை தொடங்குவதும் முடிவதும் கீரியோடுதான், அதை விட்டுவிட்டால் சொன்னது பாதிக் கதை.

இன்னொரு வரைவு:

"பாதி பொன்னான ஒரு கீரி, மீதியையும் பொன்னாக்கிக்கொள்ளத் தருமரின் யாகத்துக்கு வந்து ஏமாந்து போகிறது."

இப்போது குடும்பத்தை மறைத்துப் பாருங்கள். இதுவும் அப்படியே நிற்கிறது. கீரி எப்படிப் பாதி பொன்னானது என்பதே இதில் இல்லை. இரண்டையும் சேர்க்கவேண்டும்:

"பஞ்சத்தில் ஒரு குடும்பம் தன் கடைசி மாவையும் விருந்தாளிக்குக் கொடுத்த இடத்தில் பாதி பொன்னான கீரி, தருமரின் பெரிய யாகத்தில் மீதி பொன்னாகாததால், அந்த மாவுக்கு இந்த யாகம் ஈடாகாது என்று சபையில் சொல்கிறது."

நீளம்தான், ஆனால் எந்தப் பகுதியை மறைத்தாலும் வாக்கியம் உடைகிறது. அதுதான் வேண்டும். விட்டவற்றையும் பாருங்கள். கீரியின் நீலக் கண் இல்லை, விருந்தாளி யார் என்பது இல்லை, யார் யாருக்குப் பிறகு கொடுத்தார்கள் என்பது இல்லை. இவையெல்லாம் கதைக்கு அழகு சேர்ப்பவை, சில கருப்பொருளுக்கு மிக முக்கியமானவையும்கூட. ஆனால் மையக்கருத்து வாக்கியம் இவை இல்லாமலே நிற்கும்.

இன்னொன்று, இந்த வாக்கியத்தில் பாராட்டு எதுவும் இல்லை. "தியாகக் குடும்பம்", "ஆடம்பர யாகம்" என்று எழுதினால் அது நம்முடைய தீர்ப்பு. தீர்ப்பு மையக்கருத்துக்குள் நுழைந்துவிட்டால் கருப்பொருளை எழுதும்போது புதிதாகச் சொல்ல ஒன்றும் இருக்காது. பிள்ளைகளின் இரண்டு பதில்களும் ஒரே மாதிரி இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் இந்தப் பெயரடைகள்தான். அவற்றை அடித்துவிட்டு மறுபடி படிக்கச் சொன்னாலே பதில்கள் தனித்தனியாகப் பிரிந்துவிடும்.

## படி 3: கருப்பொருளுக்கான தடயங்களைத் தேடுங்கள்

மையக்கருத்துக்கு "என்ன நடந்தது?" என்று கேட்டோம். இப்போது கதை எதை வலியுறுத்துகிறது என்று பார்க்கவேண்டும். கதை தன் கருத்தை நேராகச் சொல்லாதபோது அதைக் காட்டிக்கொடுப்பவை திரும்பத் திரும்ப வருபவையும், பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்படுபவையும், கதை கொடுக்க மறுப்பவையும்தான்.

திரும்பத் திரும்ப வருவது எது? கொடுப்பது நான்கு முறை வருகிறது. ஒரே தடவையில் மாவு முழுவதையும் கொடுத்து முடித்திருக்கலாம். கதை அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு முறையும் விருந்தாளிக்குப் பசி அடங்காமல் வைத்து, அடுத்தவர் முன்வரும்வரை காத்திருக்கிறது. முதல் பங்கு போன பிறகும் வீட்டில் முக்கால் பங்கு இருக்கிறது. நான்காவது போன பிறகு எதுவும் இல்லை. ஒவ்வொரு கொடுப்பும் முந்தியதைவிடக் கனமாகிறது, கொடுக்கப்படும் அளவு மட்டும் அதே ஒரு குடவம்தான்.

பக்கத்தில் வைக்கப்பட்டவை எவை? ஒரு பிரஸ்தம் மாவும் ஓர் அசுவமேத யாகமும். அளவில் இதைவிடப் பெரிய இடைவெளியை யாராலும் வைக்க முடியாது. இவ்வளவு கோணலான ஒப்பீட்டைக் கதை வேண்டுமென்றே செய்கிறது.

கதை எதைக் கொடுக்க மறுக்கிறது? கீரிக்கு மீதிப் பாதியை. கீரி முழுவதும் பொன்னாகிவிட்டால் அது ஓர் அற்புதக் கதை, அவ்வளவுதான். பாதியில் நிறுத்தியதால் அந்த உடம்பு ஓர் அளவுகோல் ஆகிவிடுகிறது.

## படி 4: கருப்பொருளை எழுதி, எழுதியதை உரசிப் பாருங்கள்

இப்போது ஆட்களின் பெயரோ இடமோ கீரியோ இல்லாமல் ஒரு முழு வாக்கியம் எழுதவேண்டும். வழக்கமாக வரும் வரைவுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம்.

"எல்லாரும் பகிர்ந்து வாழவேண்டும்." இது கட்டளை. கதையைக் கேட்டவருக்கு நாம் கொடுக்கும் அறிவுரை என்ற அளவில் இதில் குற்றமில்லை. ஆனால் பகிர்வைப் பற்றிய எந்தக் கதைக்கும் இதை ஒட்டிவிடலாம், இந்தக் கதைக்கு மட்டும் உரியது இதில் ஒன்றுமில்லை. தருமரும் பகிரத்தான் செய்தார். பகிர்வதுதான் விஷயம் என்றால் அவருடைய யாகத்தில் கீரி பொன்னாகியிருக்கவேண்டும். "வேண்டும்" என்று முடியும் வாக்கியம் வந்தால், "ஏன்?" என்று ஒரு தடவை கேளுங்கள். அந்தப் பதிலில் பெரும்பாலும் கருப்பொருள் இருக்கும்.

"பகிர்ந்தால் சொர்க்கம் கிடைக்கும்." இது முடிவை மட்டும் பார்த்து எழுதியது. குடும்பத்துக்குச் சொர்க்கம் கிடைத்தது உண்மை. அதே தருமர் இடிக்கிறார், அவரும் கொடுத்தார். அதோடு, கதையின் எடை சொர்க்கத்தில் இல்லை. அவர்கள் விண்ணுலகம் போன பிறகும் கதை நிற்காமல் கீரியின் பின்னால் போகிறது. முடிவு போலத் தோன்றும் இடத்தைத் தாண்டியும் ஒரு கதை நீண்டால், அதன் கருத்து அந்த நீண்ட பகுதியில் இருக்க வாய்ப்பு அதிகம்.

"ஏழைகள் நல்லவர்கள், பணக்காரர்கள் மோசமானவர்கள்." இப்படி எழுதுகிற பிள்ளையிடம், தருமர் மோசமாக என்ன செய்தார் என்று கதையில் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாது. "அப்போ கீரி ஏன் சார் அவரைத் திட்டுது?" என்று கேட்கும். திட்டவில்லை, ஈடாகாது என்றுதான் சொல்கிறது. கதை சொல்லாததை நாம் கொண்டுவந்து நுழைப்பதற்கு நல்ல உதாரணம் இது.

"ஒரு கொடையின் மதிப்பு, எவ்வளவு கொடுத்தார் என்பதில் இல்லை, கொடுத்த பிறகு தனக்கென்று எவ்வளவு மிச்சம் வைத்தார் என்பதில் இருக்கிறது." இது நிற்கிறது. ஏன் நிற்கிறது என்பதைத் தடயங்களைக் கொண்டே காட்டலாம். நான்கு கொடுப்புகள் ஒரே அளவில் இருந்தும் கனம் கூடிக்கொண்டே போனதற்கு இது காரணம் சொல்கிறது. மாவையும் யாகத்தையும் ஒரே தராசில் வைத்ததற்குக் காரணம் சொல்கிறது. கீரி பாதியில் நின்றதற்கும் காரணம் சொல்கிறது. கதையின் குறைந்தது இரண்டு மூன்று இடங்களை விளக்க முடியாத வாக்கியத்தைக் கருப்பொருள் என்று ஏற்காதீர்கள், கேட்க எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

## படி 5: வேறொரு கதைக்கு எடுத்துப் போய்ப் பாருங்கள்

மையக்கருத்துக்கும் கருப்பொருளுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே ஒரு சோதனையில் காட்டவேண்டும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

விவிலியத்தில் மாற்கு, லூக்கா இரண்டு நற்செய்திகளிலும் ஒரு சிறு நிகழ்ச்சி வருகிறது. எருசலேம் ஆலயத்தின் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே இயேசு உட்கார்ந்திருக்கிறார். செல்வந்தர்கள் நிறையப் போடுகிறார்கள். ஏழைக் கைம்பெண் ஒருத்தி இரண்டு சிறு காசுகள் போடுகிறாள். மற்ற எல்லாரையும்விட இவளே அதிகம் போட்டாள் என்று இயேசு சீடர்களிடம் சொல்கிறார். அவர்கள் தங்களிடம் மிகுதியாக இருந்ததிலிருந்து போட்டார்கள், இவளோ பிழைப்புக்கு வைத்திருந்தது எல்லாவற்றையும் போட்டுவிட்டாள் என்பதுதான் காரணம்.

நாம் எழுதிய மையக்கருத்து வாக்கியத்தை இந்தக் கதையின் மேல் வைத்துப் பாருங்கள். ஒரு சொல்கூடப் பொருந்தாது. கீரி இல்லை, பஞ்சம் இல்லை, யாகம் இல்லை, விருந்தாளியும் இல்லை. கருப்பொருள் வாக்கியத்தை வையுங்கள், ஓர் எழுத்தும் மாற்றாமல் பொருந்துகிறது. நாடு வேறு, சமயம் வேறு, மொழி வேறு. மையக்கருத்து தன் கதையை விட்டு நகராது, கருப்பொருள் நகரும்.

இந்தச் சோதனை இரண்டு பக்கமும் வேலை செய்யும். உங்கள் மையக்கருத்து இன்னொரு கதைக்கும் பொருந்திவிட்டால் அது மிகவும் பொதுவாக இருக்கிறது, கதையின் விவரத்தைச் சேருங்கள். உங்கள் கருப்பொருள் வேறெந்தக் கதைக்கும் பொருந்தாவிட்டால் உள்ளே ஏதோ ஓர் ஆளோ நிகழ்ச்சியோ ஒளிந்திருக்கிறது. "பசித்த விருந்தாளிக்குக் கடைசிப் பிடியையும் கொடுப்பவரே உயர்ந்தவர்" என்று எழுதினால், பெயர் இல்லாவிட்டாலும் விருந்தாளி உள்ளே உட்கார்ந்திருக்கிறார். கைம்பெண்ணின் கதைக்கு அது பொருந்தாது. பெயரை மட்டும் எடுத்துவிட்டால் கருப்பொருள் ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள்.

## படி 6: ஒரே ஒரு விவரத்தை மாற்றிப் பாருங்கள்

வகுப்பில் நேரம் இருந்தால் இதைச் செய்யலாம், பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். கதை அப்படியே இருக்கட்டும், கடைசியில் தருமரின் யாகத்தில் கீரியின் மறுபாதியும் பொன்னாகிவிட்டது என்று மாற்றுங்கள். மையக்கருத்தில் பின்பாதியை மட்டும் திருத்தினால் போதும். கருப்பொருளோ தலைகீழாகிவிடுகிறது. சிறியதோ பெரியதோ, மனமுவந்து கொடுத்தது எல்லாம் ஒன்றே என்று கதை சொல்ல ஆரம்பித்துவிடுகிறது.

இப்போது வேறொன்றை மாற்றுங்கள். மாவுக்குப் பதில் அரிசி, நான்கு பேருக்குப் பதில் ஆறு பேர். மையக்கருத்தில் ஒரு சொல் மாறலாம், கருப்பொருள் அசையவே இல்லை. எந்த விவரத்தைத் தொட்டால் கருப்பொருள் ஆடுகிறதோ அந்த விவரத்தில்தான் கதை தன் கருத்தை வைத்திருக்கிறது.

விருந்தாளி தருமதேவதை இல்லை, ஏமாற்றிச் சாப்பிட்டுப் போன ஒருவன் என்று மாற்றினால்? இதற்கு வகுப்பில் சண்டையே வரும். கீரி அப்போதும் பொன்னானால் கருப்பொருள் இன்னும் உறுதியாகிறது, ஆகாவிட்டால் யாருக்குக் கொடுக்கிறோம் என்பதைப் பற்றிய வேறொரு கதையாகிவிடுகிறது. இரண்டுக்கும் வாதம் உண்டு. நான் முதல் பக்கம்.

## ஒரு கதைக்கு ஒரு கருப்பொருள்தானா?

கிடையாது. மையக்கருத்தை நான்கு பேர் எழுதினால் சொற்கள் வேறாக இருக்கலாம், செய்தி ஒன்றாகத்தான் இருக்கவேண்டும். கருப்பொருளில் இரண்டு பேர் இரண்டு விதமாக எழுதி இருவருமே சரியாக இருக்கலாம், இருவரிடமும் சான்று இருக்கிறவரை.

இந்தக் கதையிலேயே இன்னொன்று இருக்கிறது. மாவை நான்கு சம பங்காகப் பிரித்தார்கள் என்ற விவரத்தை மறுபடி பாருங்கள். குடும்பத் தலைவர் தன் பங்கைக் கொடுத்தார். விருந்தாளிக்குப் பசி அடங்காதபோது மனைவியின் பங்கையோ மகனின் பங்கையோ எடுத்துக் கொடுத்துவிடவில்லை, கேட்கவும் இல்லை. அவர்களாகவே நீட்டியபோதும் வாங்கத் தயங்கினார். மூன்று முறையும் கொடுப்பவர்தான் வாதாடி ஜெயிக்கவேண்டியிருந்தது. இதிலிருந்து, "ஒருவர் தன் பங்கை மட்டும்தான் பகிர முடியும், அடுத்தவர் பங்கை அவராகத்தான் கொடுக்கவேண்டும்" என்று ஒரு பிள்ளை எழுதினால் தாராளமாக மதிப்பெண் கொடுக்கலாம். சம பங்கு, தயக்கம், வாதம் என்று மூன்று சான்றுகள் அதற்கு இருக்கின்றன. நான் முன்பு எழுதிய கருப்பொருளில் அந்த மூன்று வாதங்களுக்கு இடமே இல்லை என்பதையும் கவனியுங்கள்.

## கதைக்குள் ஒருவர் சொல்வதே கருப்பொருள் ஆகிவிடாது

"இந்த யாகம் மாவுக்கு ஈடாகாது" என்று கீரி வாய்விட்டே சொல்லிவிட்டதே, பிறகு என்ன தேடுவது என்று கேட்கலாம். அது ஒரு பாத்திரத்தின் பேச்சு. பாத்திரம் சொல்வதும் கதை சொல்வதும் ஒன்றாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

மகாபாரதத்தில் இதற்கு நல்ல சாட்சி இருக்கிறது. கீரி மறைந்த பிறகு அது யார் என்பதும் சொல்லப்படுகிறது. அது உண்மையில் கோபத்தின் வடிவம். ஜமதக்னி முனிவர் முன்னோர் சடங்குக்காக வைத்திருந்த பாலைக் கெடுத்து, அவரைச் சோதிக்கப் போய், பித்ருக்களின் சாபத்தால் கீரியானது. தருமத்தைப் பழித்துப் பேசினால் சாபம் நீங்கும் என்று அதற்குச் சொல்லப்பட்டிருந்தது. தருமரின் யாகத்தைக் குறைத்துப் பேசியதும் சாபம் தீர்ந்தது. அதாவது, அப்படிப் பேசுவதற்குக் கீரிக்குச் சொந்தக் காரணம் ஒன்று இருந்தது.

இதனால் நம் கருப்பொருள் விழுந்துவிடுகிறதா? விழவில்லை, ஏனென்றால் நாம் அதைக் கீரியின் பேச்சின் மேல் கட்டவில்லை. கீரியின் நோக்கம் எதுவானாலும் நான்கு பங்குகளும் பாதி பொன்னும் அப்படியே இருக்கின்றன. பேச்சை மட்டும் நம்பி எழுதியவருக்குத்தான் இங்கே கால் தடுக்கும். அதோடு, கதையை எங்கே வெட்டி எடுக்கிறோம் என்பதும் கணக்கில் வருகிறது. கீரி மறைவதோடு நிறுத்தினால் ஒன்று. அதற்கு அடுத்து வரும், யாகத்தில் உயிர்களைக் கொல்வது தகுமா என்ற பகுதியையும் சேர்த்துப் படித்தால் கருப்பொருள் விரிந்து கொல்லாமையையும் தொடும். ஆகவே கேட்கும்போதே எதுவரை என்று சொல்லிவிடுவது நல்லது.

## சின்னப் பிள்ளைகளுக்கும் தேர்வுத் தாளுக்கும்

மூன்றாம் நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் படி 4-ஐ இவ்வளவு கறாராகக் கேட்காதீர்கள். அவர்களுக்கு மையக்கருத்து முதலில் வந்தால் போதும், கையால் மறைக்கும் சோதனையை அவர்கள் விளையாட்டாகவே செய்வார்கள். கருப்பொருளுக்கு, "இதே மாதிரி வேறு எந்தக் கதையிலாவது நடந்திருக்கிறதா?" என்று கேட்டு, அவர்கள் சொல்லும் இரண்டு கதைகளுக்கும் பொதுவாக ஒரு வாக்கியம் சொல்ல வையுங்கள். இரண்டு கதைகளுக்கும் பொருந்தவேண்டும் என்ற நிபந்தனையே ஆட்களின் பெயர்களைத் தானாக உதிர்த்துவிடும்.

கட்டுரைக்கு இந்தப் பிரிவினை அப்படியே செல்லாது. தண்ணீர்ச் சிக்கனம் பற்றிய ஒரு கட்டுரையில் ஆசிரியர் தன் கருத்தை நேராகவே சொல்லிவிடுவார், அதுதான் மையக்கருத்து. அங்கே போய்க் கருப்பொருளைத் தேடிக் குழம்பவேண்டாம்.

தேர்வில் கேள்வி எந்தப் பெயரில் வந்தாலும் அதன் வினைச்சொல்லைப் பாருங்கள். "கதை எதைப் பற்றிக் கூறுகிறது", "சுருக்கமாக எழுதுக" என்றால் ஆட்களோடு எழுதுங்கள். "உணர்த்துகிறது", "வெளிப்படுத்துகிறது" என்றால் ஆட்கள் இல்லாமல் எழுதி, கதையிலிருந்து இரண்டு இடங்களைச் சான்றாகக் காட்டுங்கள். வெறுமனே "மையக்கருத்தை எழுதுக" என்று இருந்து, எதைக் கேட்கிறார்கள் என்று புரியாவிட்டால், இரண்டு வாக்கியம் எழுதுவதே பாதுகாப்பு. முதல் வாக்கியத்தில் கீரியும் குடும்பமும் யாகமும் இருக்கட்டும், இரண்டாவது வாக்கியம் "இதன் வழியாகக் கதை உணர்த்துவது" என்று தொடங்கட்டும்.